வணிகர் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா? மளிகைக் கடைக்கு மென்ட்டர் எங்கே கிடைப்பார்?

புதுக்கடைக்காரன் | மார்ச் 3, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கம் ஒரு சின்ன ஊர்ல மளிகைக் கடை போட்டு எட்டு மாசம் ஆகுது. அதுக்கு முன்னாடி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். எங்க குடும்பத்துல கடை வச்சவங்க யாரும் கிடையாது.

நேத்து ஊர் வணிகர் சங்கத்துல இருந்து மூணு பேர் வந்தாங்க. சேர்க்கை 1,000, மாசச் சந்தா 100, மே 5 வணிகர் தின மாநாட்டுக்குத் தனியா 500. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ரசீது புக்கை எடுத்து என் பேரை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. "அப்புறம் வாங்கண்ணே, வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு அனுப்பி வச்சேன். இதுல சேர்ந்தா உண்மையிலேயே ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா?

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். தொழில் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசணும். பக்கத்துக் கடை அண்ணாச்சிகிட்ட ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். சிரிச்சுக்கிட்டே மழையைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டார். தினசரி வியாபாரம் சராசரியா 9,000 வருது. சரக்கு ஒரு 6 லட்சத்துக்கு இருக்கும். அதுல 3 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினது. வியாபாரம் நடக்குது, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. யாரைப் பிடிக்கிறது, என்னன்னு கேட்கிறது?

---

சந்தா_கட்டாதவன் | மார்ச் 3, இரவு 11.05

கட்டாதீங்க. இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். சங்கம்னா கடையடைப்புக்கு ஷட்டரை இறக்கச் சொல்றதும் கோயில் கொடைக்கு நோட்டு நீட்டுறதும்தான். தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்யும் சேர்த்துக்கோங்க.

---

கல்லாப்பெட்டி | மார்ச் 4, காலை 7.15

மேல சொன்ன அண்ணன் பேச்சைக் கேட்காதீங்க தம்பி, உடனே சேருங்க. சங்கத்துல சேர்ந்தாலே வணிகர் நல வாரியத்துல தானா உறுப்பினர் ஆயிடுவீங்க. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். கடை வாசல்ல சங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டா எந்த அதிகாரியும் உள்ள வரமாட்டான். எங்க சங்கத்துல தேங்காய் விலையை எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே விலையா வச்சிருக்கோம், போட்டியே இல்ல. இதெல்லாம் தனியா இருந்தா நடக்குமா?

---

பழைய_பொருளாளர் | மார்ச் 4, பகல் 2.30

விருதுநகர் மாவட்டத்துல ஒரு ஊர்ச் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் பொருளாளரா இருந்தவன். கடையை இப்போ மகன் பார்க்கிறான். அதனால எழுத நேரம் இருக்கு.

முதல்ல கல்லாப்பெட்டி சொன்னதுல பாதியைத் திருத்திடறேன். வணிகர் நல வாரியம் அரசாங்கத்தோடது. 1989-ல ஆரம்பிச்சது. வணிக வரித்துறையோட சேர்ந்தது. நம்ம ஊர்ச் சங்கத்துக்குச் சந்தா கட்டுறதால அதுல பேர் ஏறாது. தனியா விண்ணப்பம் போட்டு, உறுப்பினர் அட்டை வாங்கணும். சங்கத்துல யாராவது நாலு பேருக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருப்பாங்க, அவ்வளவுதான் தொடர்பு. குடும்ப நல உதவி 3 லட்சத்துல இருந்து 5 லட்சமா உயரும்னு 2025 மே 5 மாநாட்டுல முதல்வர் அறிவிச்சது சரி. ஆனா அது வாரிய உறுப்பினருக்கு. இதை நம்பி ஏமாந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கேன். சங்க ரசீது பதினெட்டு வருஷத்துக்கு ஒண்ணு விடாம இருந்துச்சு, வாரிய அட்டை இல்ல. ஒண்ணும் கிடைக்கல.

தேங்காய் விலை விஷயத்தைப் பொதுவெளியில எழுதாதீங்க தம்பி. எல்லாரும் கூடி விலையைக் கட்டுறது 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். மருந்துக் கடைச் சங்கங்கள் மேல, "எங்க தடையில்லாச் சான்று இல்லாம யாருக்கும் டீலர்ஷிப் தரக்கூடாது"ன்னு தடுத்ததுக்காக இந்தியப் போட்டி ஆணையம் பல உத்தரவு போட்டிருக்கு. ஊர்ச் சங்கம்தானேன்னு நினைச்சுத் தீர்மானப் புத்தகத்துல விலையை எழுதி வைக்கிற ஆள் இருக்காங்க. அது அவங்களுக்கு எதிரா அவங்களே எழுதி வைக்கிற சாட்சி.

இப்போ புதுக்கடைக்காரன் தம்பிக்கு. மறுபடி அவங்க வரும்போது பணத்தைக் கையில வச்சுக்கிட்டே மூணு விஷயம் கேளுங்க. சங்கம் பதிவு பண்ணினதா, பதிவு எண் ரசீதுல அச்சடிச்சிருக்கா? போன வருஷப் பொதுக்குழு எந்தத் தேதியில நடந்துச்சு, வரவு செலவை நான் பார்க்கலாமா? கடைசியா எந்தக் கடைக்காரருக்கு என்ன வேலை முடிச்சுக் கொடுத்தீங்க? பதிவு பண்ணின சங்கம்னா வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளர் அலுவலகத்துல தாக்கல் பண்ணணும். கணக்கைக் கேட்டா கோவிச்சுக்கிற சங்கத்துக்கு 100 ரூபா கூட அதிகம். மூணாவது கேள்விக்கு ஆள் பேர், தெருப் பேரோட பதில் வந்துச்சுன்னா யோசிக்காம கட்டுங்க.

மே 5-க்கான 500 கட்டாயம் இல்ல. சங்க விதியில இல்லாத வசூலுக்கு "முடிஞ்சா தர்றேன்"னு சொல்லலாம். நான் பொருளாளரா இருந்தப்போ எனக்கே பலபேர் அப்படிச் சொன்னாங்க. நான் பகை வச்சுக்கல.

---

சந்தை_ஏறும் | மார்ச் 4, மாலை 6.02

நானும் டிரேடிங் மென்ட்டர்தான் தேடுறேன் ப்ரோ. டெலிகிராம்ல ஒருத்தர் 25,000 கட்டினா ஆறு மாசம் கூடவே இருந்து ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் சொல்லித் தர்றேன்கிறார். தென்காசி பக்கம் டிரேடர்ஸ் அசோசியேஷன் இருக்கா? நானும் சேர்றேன்.

---

பழைய_பொருளாளர் | மார்ச் 4, மாலை 6.40

தம்பி, இது அரிசி பருப்பு டிரேடிங். அந்த டெலிகிராம் ஆள்கிட்ட செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்துலயே சரிபாருங்க. எண்ணே இல்லைன்னா அந்த 25,000-க்கு அரிசி மூட்டையாவது வாங்கிப் போடுங்க.

---

தராசு | மார்ச் 4, இரவு 9.10

சங்கம் உயிரோட இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க என்கிட்ட ஒரு சுலபமான வழி இருக்கு. நான் தராசு பழுது பார்க்கிற லைசென்ஸ் வச்சிருக்கேன். "கடைசியா முத்திரை முகாம் எப்போ போட்டீங்க"ன்னு கேளுங்க.

எலக்ட்ரானிக் தராசுக்கு, எடை சரிதான்னு வருஷம் ஒரு தடவை அரசு முத்திரை போடணும். இரும்பு எடைக்கல்லுக்கு ரெண்டு வருஷம். உங்க தராசுப் பக்கவாட்டுல ஒரு சின்ன ஈயம் இல்லேன்னா தகடு இருக்கும். அதுல வருஷமும் கூடவே ஏ, பி, சி, டி-னு ஒரு எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து காலாண்டு. உதாரணமா பி-ன்னா ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள போட்டது. அடுத்த வருஷம் அதே காலாண்டு தாண்டிப் போச்சுன்னா கூடுதல் கட்டணம். ஆய்வுல மாட்டினா அபராதம் வேற. பாதிக் கடைக்காரங்களுக்கு அந்த எழுத்து இருக்கிறதே தெரியாது.

ஒழுங்கான சங்கம் என்ன பண்ணும்னா, எந்தக் கடைக்கு எந்தக் காலாண்டுன்னு ஒரு நோட்டு வச்சிருக்கும். அந்த மாசம் வந்ததும் முத்திரை ஆய்வாளரை ஒரு நாள் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லி, அறுபது தராசையும் ஒரே இடத்துல முடிச்சிடும். தனியாப் போனா தராசைத் தூக்கிக்கிட்டு அலையணும். அரை நாள் கடையை மூடணும். அன்னிக்கு எடை போட வேற தராசும் இருக்காது.

ஸ்டிக்கர் ஒட்டினா அதிகாரி வரமாட்டான்னு சொன்னவருக்கு: போன மாசம் நான் பார்த்த ஆய்வு சங்கத் தலைவர் கடையிலதான் நடந்துச்சு.

---

ராஜி_ஃபேன்ஸி | மார்ச் 5, காலை 11.20

நான் கடலூர் பக்கம். வளையல், பொட்டு, தையல் சாமான் கடை. எங்க சங்கத்துல 140 பேர்ல பொம்பளைங்க நாலே பேர். கூட்டம் ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வைங்கன்னு கேட்டா "அது சரிப்படாதும்மா"ன்னாங்க. என்னைக் கேட்காமலே ஒரு கடையடைப்பு நோட்டீஸ்ல என் கடைப் பேரைப் போட்டாங்க. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரல.

ஆனாலும் சந்தாவை நிறுத்தலைங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி வாசல் தகரக் கொட்டகையை எல்லாம் எடுக்கணும்னு நகராட்சியில சொல்லிட்டாங்க. மறுநாளே ஜேசிபி வரப்போகுதுன்னு பேச்சு. செயலாளர் போய்ப் பேசி, நாங்களே கழட்டிக்கிறோம்னு எழுதிக் கொடுத்து 15 நாள் வாங்கினார். ஜேசிபி வந்திருந்தா தகரமும் போயிருக்கும், பெயர்ப் பலகையும் போயிருக்கும். நான் ஆளை வச்சுக் கழட்டி, அதே தகரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டினேன். எனக்கு மிச்சமானது இருபதாயிரத்துக்குக் குறையாது.

மென்ட்டர் விஷயத்துல ஒண்ணு சொல்றேன் தம்பி. உங்க தெருவுல தேடாதீங்க. அந்த அண்ணாச்சி ஏன் சொல்லித் தரணும்? நீங்க அவர் வாடிக்கையைத்தானே பிரிக்கிறீங்க. ஏஜென்சியில இருந்து ஆர்டர் எடுக்க உங்க கடைக்கு வர்ற லைன்மேனைக் கேளுங்க. அவன் ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கடை ஏறி இறங்குறவன். "அண்ணே, உங்க லைன்ல யார் கடையில டேட் முடிஞ்ச சரக்கே இருக்காது? யார் பில்லுக்கு நாள் தள்ளாம பணம் தர்றாங்க?"ன்னு கேளுங்க. ரெண்டு கேள்விக்கும் ஒரே பேர் வந்துச்சுன்னா அவர்தான் ஆள். எனக்கு அப்படித்தான் பண்ருட்டியில ஒரு அம்மா கிடைச்சாங்க. லைன்மேன்கிட்ட உங்க கணக்கு மட்டும் சொல்லிடாதீங்க. இந்தக் கடைக் கதையை அந்தக் கடையில விக்கிறதும் அவன் சரக்குதான்.

---

கல்லாப்பெட்டி | மார்ச் 5, பகல் 1.00

வாரியம் தனின்னு எனக்குத் தெரியாதுங்க பொருளாளர் ஐயா. எங்க தலைவர்தான் அப்படிச் சொன்னார். நானும் அட்டை வாங்கல. எங்க போய் விண்ணப்பிக்கிறது, 500 ரூபா கட்டணும்கிறாங்களே?

---

பழைய_பொருளாளர் | மார்ச் 5, பகல் 3.15

500 ரூபா ஆயுள் கட்டணம். ஒருதடவை கட்டினாப் போதும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைகளுக்கு அரசாங்கம் அப்பப்போ அதையும் தள்ளுபடி பண்ணி அறிவிக்கும். நீங்க போற நேரத்துல தள்ளுபடி இருக்கான்னு உங்க பகுதி வணிக வரி அலுவலகத்துலயே கேளுங்க. இந்த வாரமே போங்க.

இதோட சங்கத்தை எப்படிப் பயன்படுத்துறதுன்னும் சொல்லிடறேன். ஏன்னா சேர்றது பெரிய விஷயமே இல்ல. சேர்ந்துட்டு ஒண்ணும் கேட்காம இருக்கிறவங்கதான் பத்து வருஷம் கழிச்சு "சங்கத்தால ஒண்ணும் இல்ல"ங்கிறாங்க. (சந்தா கட்டாதவன் கோவிச்சுக்காதீங்க, நீங்க கட்டவே இல்லையே.)

எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு பிஸ்கட், நொறுக்குத்தீனி ஏஜென்சிக்காரர் டேட் முடிஞ்ச சரக்கைத் திருப்பி எடுக்கிறதை நிறுத்திட்டார். ஒவ்வொரு கடைக்காரரும் லைன்மேன்கிட்டச் சத்தம் போட்டாங்க. லைன்மேன் என்ன பண்ணுவான், "முதலாளிகிட்டச் சொல்றேண்ணே"ன்னுட்டுப் போயிடுவான். கூட்டத்துல ஒருத்தர் எழுந்து "அந்த ஏஜென்சிச் சரக்கை யாரும் வாங்கக் கூடாது"ன்னு தீர்மானம் போடச் சொன்னார். நான் வேண்டாம்னேன். ஒண்ணு, நான் முன்னாடி சொன்ன அதே சட்டச் சிக்கல். இன்னொண்ணு, மறுநாள் காலையில ரெண்டு பேர் வாங்கிடுவாங்க. அதோட சங்கத்தோட மானம் போயிடும்.

அதுக்குப் பதிலா ஒரு தாள் அடிச்சுக் கொடுத்தோம். சரக்குப் பேர், பேட்ச் நம்பர், பில் தேதி, எத்தனை பாக்கெட், காலாவதித் தேதி, லைன்மேன்கிட்ட என்னிக்குச் சொன்னீங்க. அவ்வளவுதான். 31 கடைக்குக் கொடுத்தோம். 19 தாள் திரும்பி வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா அதுல ஆறு பேர்கிட்ட அந்த ஏஜென்சி பில்லே இல்ல, மொத்தக் கடையில விலை கம்மின்னு வாங்கிட்டு வந்து ஏஜென்சிக்காரர் தலையில கட்டப் பார்த்திருக்காங்க. அந்த ஆறையும் நாங்களே எடுத்துட்டோம். மிச்சம் 13 கடை, மொத்தம் 41,000 ரூபா சரக்கு.

ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வச்சோம். அவர் பக்கமும் நியாயம் இருந்துச்சு. கம்பெனி அவருக்குத் தர்ற கிளெய்முக்கு ஒரு அளவு இருக்கு, அதுக்கு மேல போனா அவர் கைக்காசு. தேதி முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தா எந்தக் கம்பெனியும் எடுக்காது. கடைசியில பேசி முடிச்சது இதுதான்: ஒவ்வொரு மாசமும் முதல் வாரம் லைன்மேன் ராக்கைப் பார்க்கணும். 45 நாளுக்குள்ள முடியப்போற சரக்கைக் கடைக்காரர் தனியா எடுத்து வச்சுச் சொல்லணும். சொன்னா மாத்திக் கொடுத்துடணும். பழைய 41,000-ல பாதியை அடுத்த மூணு பில்லுல சரக்கா கழிச்சார். மீதிப் பாதி கடைக்காரங்க நஷ்டம்.

அவரை அசைச்சது எங்க கூட்டமோ சத்தமோ இல்ல. அந்த 13 தாளோட நகலையும் வச்சு கம்பெனியோட ஏரியா மேனேஜருக்கு நாங்க எழுதின ஒரு பக்கக் கடிதம். பேட்ச் நம்பரோட போனதால அவங்களால தட்ட முடியல.

தம்பி, உங்க கடையிலயும் இப்பவே ஒரு அட்டைப் பெட்டியில "விற்பனைக்கு அல்ல"ன்னு எழுதி வைங்க. தேதி முடிஞ்சது ராக்குல இருந்தா, ஏஜென்சி எடுக்கலைங்கிற காரணத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்க மாட்டார். மாட்டுறது நீங்கதான்.

---

சந்தா_கட்டாதவன் | மார்ச் 5, மாலை 5.45

பாதி நஷ்டம்தானே? அதுக்கு ஒரு சங்கமா?

---

பழைய_பொருளாளர் | மார்ச் 5, மாலை 5.58

பாதி வந்துச்சு. அதுக்கு முன்னாடி முழுசும் நஷ்டம்.

---

புதுக்கடைக்காரன் | மார்ச் 6, இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. சங்கத்து ஆட்கள் வந்தாங்க. பதிவு எண் ரசீதுல இருக்கு. வரவு செலவு கேட்டப்போ ஒருத்தர் முகம் சுருங்கிப் போச்சு. இன்னொருத்தர் "செயலாளர் கடைக்கு வாங்க, காட்டுறேன்"னார். போனேன். கையால எழுதின பேரேடு, போன ஆடி வரைக்கும் எழுதியிருக்கு, அதுக்கப்புறம் இல்ல. முத்திரை முகாம் வருஷா வருஷம் சித்திரையில போடுறாங்களாம், நோட்டும் காட்டினார். 1,000 கட்டிட்டேன். 500 கட்டல.

என் தராசைப் பார்த்தேன். டி-னு போட்டிருக்கு, ஆனா போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பழைய கடைக்காரர்கிட்ட இருந்து வாங்கின தராசு. எட்டு மாசமா இதுலயேதான் எடை போட்டுக்கிட்டிருக்கேன்.

---

தராசு | மார்ச் 6, இரவு 10.31

சித்திரை வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே முத்திரை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போங்க. டி-ன்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர். போன டிசம்பரோட உங்க கெடு முடிஞ்சாச்சு. அடுத்த தடவைல இருந்து முகாம்ல சேர்ந்துக்கலாம்.

---

புதுக்கடைக்காரன் | ஜூலை 12, இரவு 9.50

இழையை மறந்திருப்பீங்க. நாலு மாசக் கதையைச் சொல்லிடறேன்.

ராஜி அக்கா சொன்ன மாதிரி எண்ணெய் லைன்மேன்கிட்டக் கேட்டேன். ரெண்டு கேள்விக்கும் ஒரே பேர்தான் சொன்னான். கடையநல்லூர்ப் பக்கம், எங்க ஊர்ல இருந்து இருபது கிலோமீட்டர், நாப்பது வருஷம் மளிகைக் கடை வச்சுட்டு இப்போ மகள்கிட்ட விட்டுட்ட ஒரு அண்ணாச்சி. எனக்கும் அவருக்கும் ஒரு வாடிக்கையாளர் கூடப் பொது இல்ல. போன் பண்ணி "மென்ட்டரா இருங்க"ன்னெல்லாம் கேட்கல. "அண்ணாச்சி, ஒரு நாள் சாயங்காலம் என் கடையில வந்து உட்காருங்க, என்ன தப்புன்னு சொல்லுங்க, பஸ் ஏத்தி விட்டுடறேன்"னேன். வந்தார்.

அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் கல்லாவுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல. அரிசி பிராண்டு மாத்தச் சொல்லுவார், போர்டு மாத்தச் சொல்லுவார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எட்டு மணிக்குச் சட்டைப் பையில இருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். அது பின்னாடி கோடு கோடா போட்டிருந்தார். "மூணு மணி நேரத்துல பதினொரு பேருக்கு இல்லைன்னு சொல்லியிருக்க. நாலு பேர் தோசை மாவு, மூணு பேர் சில்லறையா நல்லெண்ணெய், ரெண்டு பேர் உளுந்தம் பருப்பு கால் கிலோ பாக்கெட், மிச்சம் ரெண்டு எனக்குக் கேக்கல." நான் இல்லைன்னு சொன்னதே எனக்கு ஞாபகம் இல்ல.

அப்புறம் பின்னாடி ரூமுக்குப் போனார். டார்ச் அடிச்சு, அட்டைப் பெட்டியை விரலால தட்டிக்கிட்டே நடந்தார். தூசி எழும்பின பெட்டியை எல்லாம் வெளிய இழுக்கச் சொன்னார். ஷாம்பு, முகப் பவுடர், சாக்லேட், கொசுவத்தி. ஸ்கீம்ல பத்துக்கு ரெண்டு ஃப்ரீன்னு சேல்ஸ்மேன் தள்ளிவிட்டது எல்லாம் அங்கதான் தூங்கிக்கிட்டிருக்கு.

"தினம் ஒன்பதாயிரம் விக்கிறே. லாபத்தைக் கழிச்சா சரக்கு மதிப்பு எட்டாயிரம். ஆறு லட்சம் சரக்கு வச்சிருக்கே. வகுத்துப் பாரு"ன்னார். 75 நாள் வருது. "மளிகைக்கு முப்பது நாள் சரக்கு தாராளம். ரெண்டரை லட்சம் போதும். மூணரை லட்சம் உன் ரூம்ல தூங்குது. கடன் எவ்வளவு வாங்கினே?" 3 லட்சம், மாசம் 6,000 வட்டி. நான் பனியன் கம்பெனியில கணக்கு எழுதினவன். இந்த வகுத்தலை நானே போட்டிருக்கணும். கடையைத் திறந்ததும் அது ஏனோ தோணவே இல்ல.

ரெண்டு பழக்கம் சொன்னார். "இல்லை"ன்னு சொன்ன ஒவ்வொரு சரக்கையும் ஒரு நோட்டுல எழுதணும், ஒரே பேர் வாரத்துல மூணு தடவை வந்தா வாங்கிப் போடணும். வர்ற ஒவ்வொரு பெட்டி மேலயும் மார்க்கர்ல வந்த தேதியை எழுதணும், 60 நாள் ஆகியும் பிரிக்காத பெட்டி இருந்தா அந்தச் சரக்கை மறுபடி வாங்கக் கூடாது, என்ன ஸ்கீம் வந்தாலும்.

இப்போ சரக்கு நாலு லட்சத்துக்கு இறங்கியிருக்கு. 1,40,000 அசல் அடைச்சுட்டேன். தினசரி வியாபாரம் பெருசா ஏறல, 9,800 வருது. மாவும் சில்லறை எண்ணெயும்தான் அந்த 800. மாவுல லாபம் கம்மி, மீந்தா புளிச்சுப் போகுது, அதை இன்னும் சரிபண்ணத் தெரியல.

---

கல்லாப்பெட்டி | ஜூலை 13, காலை 8.20

அருமை தம்பி. அண்ணாச்சிக்கு என்ன கொடுத்தீங்க? மாசம் ஏதாவது பேசிக்கிட்டீங்களா? நான் கேட்டவர் லாபத்துல பங்கு கேக்கிறார்.

---

ராஜி_ஃபேன்ஸி | ஜூலை 13, காலை 9.45

பங்குன்னா அவர் கூட்டாளி, வழிகாட்டி இல்ல. கல்லாவுல கை வைக்கிற உரிமை வந்துடும். பண்ருட்டி அம்மாவுக்கு நான் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

---

பழைய_பொருளாளர் | ஜூலை 13, பகல் 12.10

எனக்கு இதுல வேற எண்ணம். காசு கொடுக்காம வாங்கின யோசனையை நாலு மாசத்துல மறந்துடுவோம். போக்குவரத்து, சாப்பாடு தவிர ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏதோ ஒரு தொகையைக் கவர்ல வைக்கிறது நல்லதுன்னு நினைக்கிறேன். ராஜி ஒத்துக்க மாட்டாங்க. பங்கு கூடாதுங்கிறதுல மட்டும் ஒரே பேச்சு.

இன்னொண்ணு தம்பி. தூங்குற சரக்குல தேதி நெருங்கினது எவ்வளவு?

---

புதுக்கடைக்காரன் | ஜூலை 13, இரவு 10.05

கவர் கொடுத்தேன் ஐயா, திருப்பிக் கொடுத்துட்டார். அவர் மகள் கடைக்கு பில்லிங் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்க, சரக்குப் பேரெல்லாம் ஏத்தித் தரச் சொன்னார். ரெண்டு ஞாயித்துக்கிழமை போய் 1,100 ஐட்டம் ஏத்திட்டு வந்தேன். அந்த வேலையில எந்தச் சரக்கு அவங்க கடையில எத்தனை நாள்ல தீருதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அது அவர் சொல்லிக் கொடுத்ததை விடப் பெரிய பாடமா இருந்துச்சு.

தேதி நெருங்கினது 17,000-க்கு இருக்கு. உங்க தாள் மாதிரியே ஒண்ணு அடிச்சு செயலாளர்கிட்டக் கொடுத்தேன். "நல்லா இருக்கே"ன்னு வாங்கி மேஜை டிராயர்ல வச்சார். ரெண்டு வாரம் ஆச்சு. நானே பத்து கடைக்கு ஏறி இறங்கினேன், நாலு பேர் நிரப்பிக் கொடுத்திருக்காங்க. பக்கத்துக் கடை அண்ணாச்சியும் ஒருத்தர். முதல் தடவையா டீ வாங்கிக் கொடுத்தார். மழையைப் பத்திப் பேசல.

ஆனா பத்து பேர்ல நாலு தாள் வச்சு ஏஜென்சிக்காரர்கிட்டப் போகலாமா, இன்னும் சேர்க்கணுமா?

---

பழைய_பொருளாளர் | ஜூலை 14, காலை 6.50

அந்த நாலுலயும் பில் இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா நாலே போதும், போங்க. செயலாளரைக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவர் பேசாட்டியும் பரவாயில்ல, பக்கத்துல உட்காரணும். டிராயர்ல வச்ச தாளை அப்பவாவது எடுப்பார். 17,000-ல தேதி தாண்டினதைத் தனியாப் பிரிச்சுடுங்க, அதைச் சேர்த்துக் கேட்டா நெருங்கினதும் சேர்ந்து போயிடும்.

---

சந்தா_கட்டாதவன் | ஜூலை 14, இரவு 11.30

சும்மா ஒரு ஆர்வத்துல என் தராசுல எழுத்து என்னன்னு பார்த்தேன். ஈயமே விழுந்து போச்சு, வெறும் கம்பிதான் தொங்குது. எங்க ஊர்ல முகாம் எப்போன்னு சங்கத் தலைவர் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து "முகாமா, அது என்னது"ங்கிறார். தராசு அண்ணே, உங்க நம்பர் தனிமடல்ல அனுப்ப முடியுமா?